சுவருக்கு ஏழு நாள். ஆளுக்கும் ஏழு நாள்



சித்திரைத் திங்களில் நம் குடும்பங்கள் பல சொந்த ஊருக்குப் போய்த் திரும்புவது வழக்கம். வேலூர்ப் பக்கமும் திருவண்ணாமலைப் பக்கமும் உள்ள ஊர்களில் கோயில் திருவிழா நடைபெறும், திருமணங்களும் நடைபெறும். பதினைந்து நாள் அல்லது இருபது நாள் தங்கிவிட்டு, நம்மவர் இரவுப் பேருந்தில் ஏறிச் சித்தூரிலும் திருப்பதியிலும் வந்து இறங்குவர். மறுநாட் காலையிலேயே சாரத்தின் மேல் ஏறி நிற்பர். அப்போது கத்திரி வெயில் தொடங்கியிருக்கும். கத்திரி முடியும் முன்பே தெலுங்கு நாட்டார் கூறும் ரோகிணிக் கார்த்தெயும் வந்து சேரும். அக்காலத்து வெயிலில் கல்லுரலும் வெடிக்கும் என்பது இந்நாட்டுப் பழமொழி.

இவ்வாறு ஊரிலிருந்து திரும்பிய முதல் வாரத்தைப் பற்றியே இத்திங்கள் எழுத விரும்புகின்றோம். வெயிலின் கொடுமையைப் பற்றி எல்லாரும் அறிவர். ஆனால் அது யாரை, எந்த நாளில் முதலில் தாக்குகிறது என்பதைப் பலர் அறியார். காலை வேலை தொடங்குமுன் மேஸ்திரியார் நின்று பேசுவதற்கு ஏற்ற சிறு பேச்சுகள் மூன்றை எழுதித் தருமாறு நம் சங்கத்து அன்பர்கள் கேட்டனர். அவற்றையும் இங்கே தருகின்றோம். வாய்விட்டுச் சொல்லத்தக்க குறுஞ்சொற்றொடர்களாகவே அவற்றை அமைத்துள்ளோம்.

கட்டிட வேலை அறிந்தவர்க்கு ஓர் உவமை எளிதில் விளங்கும். புதிதாக இட்ட கான்கிரீட்டை அப்படியே வெயிலில் விட்டுவிடுவார் உண்டோ? ஏழு நாளேனும் அதனை ஈரமாக வைத்திருக்கின்றோம். வறண்ட வெயிற் காலமாயின் பத்து நாளேனும் நீராற்ற வேண்டும் என்பது இந்தியத் தரக் குறிப்பு. அந்த நாட்களில் தளத்தின் மேல் பாரம் ஏற்றுவதில்லை. ஏற்றினால் வெடிப்பு விழும் என்று சித்தாளும் அறிவார். வெயிலுக்குப் புதியவராக வந்து நிற்கும் ஆளுக்கும் ஏறத்தாழ அத்தனை நாள் வேண்டும். அந்த நாட்களில் நீரும் வேண்டும். பாரத்தைக் குறைப்பதும் வேண்டும். சுவருக்குச் செய்வதை ஆளுக்குச் செய்யத் தவறுகின்றோம் என்பதே நம் குறை.

இதற்குக் காரணம் உடலின் அமைப்பில் உள்ளது. தசைகள் செய்யும் உழைப்பில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கே வேலையாகிறது. மீதி நான்கு பங்கும் சூடாக உடலுக்குள் எழுகின்றது. வெளியே வெயிலும் உடலைச் சுடும். இவ்விரு சூட்டையும் போக்க உடலுக்கு உள்ள பெருவழி வியர்வைதான். அவ்வியர்வையும் தரையில் சொட்டி வீணானால் பயனில்லை. தோலின் மேல் காய்ந்து போனால்தான் உடல் குளிரும். புழுக்கமான நாளில் வியர்வை காய்வதில்லை. அதனால் வெப்பமானி சற்றுக் குறைவாகக் காட்டினாலும், புழுக்க நாள் வறண்ட நாளைவிடக் கொடியதாக இருக்கக்கூடும்.

நாள்தோறும் வெயிலில் உழைப்பவர் உடல் சில மாறுதல்களை அடைகின்றது. வியர்வை முன்னதாகவே சுரக்கத் தொடங்கும், மிகுதியாகவும் சுரக்கும், அதில் உப்புக் குறைவாக இருக்கும். குருதியில் நீரின் பங்கு கூடும். அதனால் நெஞ்சு அத்துணை விரைவாக அடித்துக்கொள்ள வேண்டியதில்லை. இம்மாறுதல்கள் முற்றுப்பெற ஒரு வாரம் முதல் இரண்டு வாரம் வரை ஆகும். வெயிலை விட்டு விலகியவுடன் இவை கரையத் தொடங்கும். ஒரு வாரம் விலகியிருந்தாலே வேறுபாடு தெரியும். ஒரு திங்கள் விலகியிருந்தால் பெரும்பாலும் புதிய ஆளாகவே ஆகிவிடுகிறோம். இருபது ஆண்டு கரண்டி பிடித்த கொத்தனாருக்கும் இதுவே விதி. கைத்தொழில் மறப்பதில்லை, உடல் மறந்துவிடுகின்றது. பெங்களூரின் குளிர்ந்த காற்றில் ஆறு திங்கள் வேலை பார்த்துவிட்டு வைகாசியில் திருப்பதிக்கு வருபவரும் அவ்வாறே.

இது புதிதாகக் கண்டறிந்த செய்தியன்று. தென்னாப்பிரிக்கத் தங்கச் சுரங்கங்களில் இதனை உயிர்களைக் கொடுத்தே கற்றுக்கொண்டனர். வெப்பமும் புழுக்கமும் மிகுந்த ஆழத்தில் வேலை செய்யத் தொலைதூர ஊர்களிலிருந்து ஆட்களைத் திரட்டி வந்தனர். வந்த புதியவர்கள் வெப்பத் தாக்குதலால் மடிந்தனர். 1930ஆம் ஆண்டுகளில் டிரியோஸ்டி என்னும் மருத்துவர் இதனை ஆராய்ந்தார். அதன்பின், புதியவர்களைப் படிப்படியாகச் சூட்டுக்குப் பழக்கிய பின்னரே முழு வேலைக்கு அனுப்பும் முறை அச்சுரங்கங்களில் வேரூன்றியது. அவர்களும் பிழைப்புத் தேடி ஊர்விட்டு வந்தவர்களே என்பதை நாம் நினைத்துப் பார்க்க வேண்டும்.

ஐக்கிய அமெரிக்க நாட்டின் தொழிற் பாதுகாப்பு நிருவாகம் கூறும் கணக்கும் இதனையே காட்டுகிறது. வேலையிடத்தில் வெப்பத்தால் நேரும் சாவுகளில் ஏறத்தாழப் பாதி, ஆள் வேலைக்கு வந்த முதல் நாளிலேயே நேர்கின்றது. நூற்றுக்கு 70க்கு மேற்பட்டவை முதல் வாரத்திற்குள் நேர்கின்றன. நம் ஆந்திர மாநிலத்திலும் 2015ஆம் ஆண்டு மே திங்களில் வீசிய வெப்ப அலை ஆயிரத்துக்கு மேற்பட்டோரைக் கொண்டுபோனது. வெளியிற் கூலி வேலை செய்தோரும் முதியோரும் அவர்களிற் பலராவர்.

எனவே முதற் பேச்சு, ஊரிலிருந்து திரும்பியவரைப் பற்றியது. திங்கட்கிழமை காலையில் இதனைச் சொல்லலாம்.

"எல்லாருக்கும் வணக்கம். ஐந்து நிமிடம் கேளுங்கள். ஊருக்குப் போய் வந்தவர் யார்? கை தூக்குங்கள். புதிதாக வந்தவர் யார்? நீங்களும் கை தூக்குங்கள். இவர்களை எல்லாரும் பார்த்துக்கொள்ளுங்கள். இந்த வாரம் இவர்கள் உடல் வெயிலுக்குப் புதிது. இன்று இவர்களுக்கு மொட்டை மாடி வேலை அரை நாள்தான். மீதி நேரம் நிழலில் வேலை. கூலி குறையாது. ஒவ்வொருவருக்கும் ஒரு துணை உண்டு. அண்ணே, அந்தத் தம்பி உங்கள் பொறுப்பு. அவர் பேச்சு மாறினால் என்னைக் கூப்பிடுங்கள். நேற்றிரவு தூங்காதவர் சொல்லுங்கள். காய்ச்சலும் வயிற்றுப்போக்கும் இருந்தவர் சொல்லுங்கள். மது அருந்தியவரும் சொல்லுங்கள். கோபிக்க மாட்டேன். வேலையை மாற்றித் தருவேன்."

பேச்சில் வந்த 'அரை நாள்' என்பது மனம்போனபடி சொன்னதன்று. முன்னரே இத்தொழிலில் பழகி, சில வாரம் விலகித் திரும்பியவர்க்கு, முதல் நாள் வெயில் வேலையில் பாதி. இரண்டாம் நாள் நூற்றுக்கு 60 பங்கு. மூன்றாம் நாள் 80 பங்கு. நான்காம் நாள் முழு வேலை. இதற்குமுன் வெயில் வேலையே செய்யாதவர்க்கு முதல் நாள் 20 பங்கு. பிறகு நாளொன்றுக்கு 20 பங்காகக் கூட்டி ஐந்தாம் நாள் முழு வேலை. இதுவே அமெரிக்கத் தொழில்நல ஆய்வு நிலையத்தார் கூறும் அளவு. எட்டு மணி நேர வேலை எனக் கொண்டால், புதிய ஆள் முதல் நாள் ஒன்றரை மணி நேரமே வெயிலில் நிற்க வேண்டும்.

மீதி நேரத்தில் அவர் சும்மா இருக்க வேண்டியதில்லை. கட்டிடத்தின் கீழ்த்தளத்தில் கம்பி வளைக்கலாம்; உள்சுவர்ப் பூச்சுக்கு உதவலாம்; பலகைகளைத் துடைத்து அடுக்கலாம். வெயில் நேரத்தைக் குறைத்தால் கூலியையும் குறைப்பார்கள் என்னும் அச்சமே நம்மவரை உண்மை சொல்லவிடாமல் தடுக்கின்றது. "நான் ஊருக்கே போகவில்லை" என்று பொய் சொல்லி மாடி ஏறுவர். ஆகவே 'கூலி குறையாது' என்னும் சொல் இப்பேச்சின் உயிர்நாடி. அதனைச் சொல்ல இயலாத மேஸ்திரியார் இப்பேச்சைத் தொடங்காதிருப்பதே மேல். பொய் பெருகுமேயன்றிப் பாதுகாப்பு வாராது.

இரண்டாம் பேச்சு நீரைப் பற்றியது. இதனை ஒரு கணக்கால் விளக்குவோம். 60 கிலோ எடையுள்ள கொத்தனார் ஒருவரை எண்ணிக்கொள்வோம். காலை ஆறரை மணி முதல் பத்தரை மணி வரை மாடியில் செங்கல் கட்டுகின்றார். வெயிலில் கடுமையாக உழைப்பவர்க்கு மணிக்கு ஒரு லிட்டர் வியர்வை போவது இயல்பு. நான்கு மணி நேரத்தில் 4 லிட்டர் போயிற்று. அவர் தேநீர் வேளையில் மட்டும் இரண்டு குவளை நீர் குடித்தார் என்க. குவளை கால் லிட்டர். அரை லிட்டர் உள்ளே வந்தது. குறை மூன்றரை லிட்டர். அஃதாவது அவர் எடையில் நூற்றுக்கு ஆறு பங்கு போய்விட்டது. இரண்டு பங்கு குறைந்தாலே, அதாவது 1.2 லிட்டர் குறைந்தாலே, நெஞ்சு விரைந்து அடிக்கும், வேலை தளரும், உடற்சூடு ஏறும். ஆறு பங்கு குறைந்தவர் சாரத்தின் மேல் நிற்கத் தகுதியற்றவர்.

அவரே இருபது நிமிடத்திற்கு ஒரு குவளை குடித்திருந்தால், மணிக்கு மூன்று குவளை; நான்கு மணி நேரத்தில் 3 லிட்டர். குறை ஒரு லிட்டரே. பகலுணவோடு குடிக்கும் மோரும் நீரும் அதனை ஈடுசெய்துவிடும். ஒரே வேளையில் செம்பு நிறையக் குடிப்பதில் இப்பயன் இல்லை. வயிறு உப்பும், குமட்டும், பிறகு குடிக்கத் தோன்றாது. தாகத்தை நம்பியும் இருத்தலாகாது. தாகம் எழும்போது உடல் முன்னரே கடன்பட்டிருக்கும்.

"அனைவரும் கேளுங்கள். இன்று நீரைப் பற்றிப் பேசுவோம். வேலை தொடங்குமுன் ஒரு குவளை குடியுங்கள். நான் விசில் ஊதுவேன். இருபது நிமிடத்திற்கு ஒரு முறை ஊதுவேன். ஊதினால் கரண்டியைக் கீழே வையுங்கள். ஒரு குவளை குடியுங்கள். தாகம் இல்லை என்று சொல்லாதீர்கள். தாகம் பிந்தி வரும். பகலில் சோறு கட்டாயம் சாப்பிடுங்கள். உப்புச் சோற்றில்தான் வரும். மோரில் உப்புப் போட்டுக் குடியுங்கள். காலையில் கூழும் நீராகாரமும் நல்லவை. சிறுநீரைப் பாருங்கள். வெளிறிய மஞ்சள் நல்லது. தேநீர் நிறமானால் நீர் போதவில்லை. நண்பகல்வரை சிறுநீர் போகவில்லையா? என்னிடம் சொல்லுங்கள். அக்கா, உங்களுக்கும் சொல்கிறேன். கழிப்பிடம் கீழே இருக்கிறது. தாழ்ப்பாள் போட்டிருக்கிறோம். பயமின்றித் தண்ணீர் குடியுங்கள்."

இறுதியில் வரும் சொற்களைச் சிலர் தேவையற்றவை என எண்ணக்கூடும். அவையே மிகத் தேவையானவை. சித்தாளாக வேலை செய்யும் நம் பெண்கள் காலை முதல் மாலை வரை நீர் அருந்தாதிருப்பதற்குக் காரணம் அறியாமையன்று. ஒதுங்க இடமில்லை, அதனால் குடிப்பதில்லை. அவர்களிடம் போய் "நிறையக் குடியுங்கள்" என்று சொல்வது அவர்களைத் துன்புறுத்துவதாகும். முதலில் கதவும் தாழ்ப்பாளும் உள்ள கழிப்பிடம், பிறகே அறிவுரை. குடிநீரையும் கழிப்பிடத்தையும் வேலை கொடுப்போர் கடமையாக 1996ஆம் ஆண்டின் கட்டிடத் தொழிலாளர் சட்டம் தன் 32, 33ஆம் பிரிவுகளில் எழுதி வைத்தது. 2020ஆம் ஆண்டின் தொழிற் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டமும் அக்கடமையைக் கைவிடவில்லை. எனவே இது கெஞ்சிக் கேட்கும் சலுகையன்று.

எத்தனை நீர் வாங்கி வைப்பது? இருபது பேர் வேலை செய்யும் இடத்தில் ஆளுக்கு மணிக்கு முக்கால் லிட்டர் வீதம் எட்டு மணிக்கு 120 லிட்டர். இருபது லிட்டர் கேன் ஆறு வேண்டும். இரண்டு கேன் மட்டும் வைத்துவிட்டு விசில் ஊதினால் பயனில்லை. அவற்றை எல்லாம் கீழே வாயிலருகில் வைத்தாலும் பயனில்லை. மூன்றாம் தளத்தில் நிற்பவர் ஒரு குவளை நீருக்காக ஏணி இறங்கி ஏறமாட்டார். ஆட்கள் நிற்கும் தளத்திலேயே, நிழலில், ஈரச் சாக்குச் சுற்றிய குடத்தில் நீர் இருக்க வேண்டும்.

நீருக்கும் ஓர் எல்லை உண்டு. மணிக்கு ஒன்றரை லிட்டருக்கு மேல் தொடர்ந்து குடிப்பது தீங்கு. சோறும் உப்பும் இன்றி வெறும் நீரையே மிகுதியாகக் குடித்தால் குருதியில் உப்பின் அளவு தாழ்ந்துவிடும். தலைவலி, வாந்தி, மயக்கம், அறிவுத் தடுமாற்றம் ஆகியன தோன்றும். வேளைக்கு உண்பவர்க்கு உப்பு மாத்திரை தேவையில்லை. வியர்வை மிகப் பெருகிய நாளிலும், வயிற்றுப்போக்குக் கண்ட நாளிலும் உப்புச் சர்க்கரைக் கரைசல் நன்று. மருந்துக் கடைப் பொட்டலத்தை, அதன்மேல் எழுதிய அளவு நீரிலேயே முழுவதும் கரைக்க வேண்டும். பொட்டலம் இல்லையேல், ஒரு லிட்டர் தூய நீரில் தலை தட்டிய ஆறு தேக்கரண்டி சர்க்கரையும் அரைத் தேக்கரண்டி உப்பும் கலக்கலாம். உப்பைக் கூட்டுதல் ஆகாது. நெஞ்சு நோய், சிறுநீரக நோய், இரத்த அழுத்தம் ஆகியவற்றுக்கு மருந்து உண்பவர் தமக்குரிய நீரளவையும் உப்பளவையும் தம் மருத்துவரிடம் முன்னரே கேட்டறிதல் வேண்டும்.

மூன்றாம் பேச்சு, ஒருவர் விழும்போது செய்ய வேண்டியதைப் பற்றியது. இங்கே ஒன்றை மட்டும் உறுதியாகப் பிடித்துக்கொண்டால் போதும். தலைவலி, கிறுகிறுப்பு, குமட்டல், தசைப்பிடிப்பு இவை உண்டு. ஆனால் அறிவு தெளிவாக இருக்கின்றது என்றால் அது வெப்பச் சோர்வு. நிழலில் படுக்க வைத்து, கால்களைச் சற்று உயர்த்தி, சிறிது சிறிதாக நீர் கொடுத்தால் பெரும்பாலும் தெளிவர். அன்று அவர் மீண்டும் வேலைக்குப் போகலாகாது. அறிவு தடுமாறினால், பேச்சுக் குழறினால், நடை தள்ளாடினால், அது வெப்பத் தாக்குதல். உடற்சூடு 40 பாகை செல்சியசுக்கு மேல் ஏறியிருக்கும். மூளையும் ஈரலும் சிறுநீரகமும் வெந்துகொண்டிருக்கின்றன என்று பொருள்.

இதில் நேரும் பிழைகள் மூன்று. "வியர்க்கிறதே, வெப்பத் தாக்குதல் அன்று" என்பது முதற் பிழை. உழைக்கும்போது வீழ்ந்தவர்க்கு உடல் வியர்வையில் நனைந்தே இருக்கக்கூடும். "குடித்துவிட்டு உளறுகிறான்" என்று ஒதுக்கி உட்கார வைப்பது இரண்டாம் பிழை. இதனால் இழந்த உயிர்கள் பல. வண்டி வரட்டும் என்று வெறுமனே காத்திருப்பது மூன்றாம் பிழை. உடலை அரை மணி நேரத்திற்குள் குளிர்வித்துவிட்டால் பிழைக்கும் வாய்ப்பு மிகுதி. திருப்பதி நெரிசலில் வண்டி வந்து, மருத்துவமனை சேர்ந்து, மருத்துவர் கைவைப்பதற்குள் அந்த அரை மணி கழிந்துவிடும். ஆகவே குளிர்விப்பது அவ்விடத்திலேயே தொடங்க வேண்டும். அதற்கு வேண்டிய பொருள் எல்லாக் கட்டிட இடத்திலும் இருக்கின்றது. கான்கிரீட்டுக்கு நீராற்ற வைத்திருக்கும் தொட்டியும் குழாயுந்தான் அப்பொருள்.

"இன்று மூன்றாம் பாடம். கூட இருப்பவர் உளறினால் என்ன செய்வீர்கள்? மூன்று கேள்வி கேளுங்கள். உன் பெயர் என்ன? இது எந்த ஊர்? இன்று என்ன கிழமை? அவர் தாய்மொழியில் கேளுங்கள். தவறாகச் சொன்னால் உரக்கக் கூவுங்கள். ஒருவர் 108க்குப் பேசுங்கள். ஒருவர் தெருமுனைக்கு ஓடுங்கள். வண்டிக்கு வழிகாட்டுங்கள். மற்றவர் அவரை நிழலுக்குத் தூக்குங்கள். சட்டையைக் கழற்றுங்கள். தார்ப்பாயை விரியுங்கள். அதில் படுக்க வையுங்கள். ஓரங்களைத் தூக்கிப் பிடியுங்கள். தொட்டிபோல் ஆகும். குழாய் நீரை ஊற்றுங்கள். பனிக்கட்டி கிடைத்தால் போடுங்கள். தலை நீருக்கு மேலே இருக்கட்டும். விசிறுங்கள். நீரைக் கலக்கிக்கொண்டே இருங்கள். வாயில் எதுவும் ஊற்றாதீர்கள். மாத்திரை தராதீர்கள். வண்டி வரும்வரை நிறுத்தாதீர்கள்."

தொட்டி நீர் வெயிலில் காய்ந்து சுட்டால், குழாயில் முதலில் வரும் சூட்டு நீரைக் கீழே விட்டுவிட்டுப் பின்னர் ஊற்ற வேண்டும். நிழலில் மூடிய பீப்பாய் ஒன்றைக் கத்திரி நாட்களில் இதற்கென்றே நிரப்பி வைப்பது இன்னும் நன்று. மயங்கியவர் வாயில் நீர் ஊற்றினால் அது மூச்சுக்குழலுக்குள் போகும். காய்ச்சல் மாத்திரை இச்சூட்டைத் தணிக்காது. தளர்ந்த ஈரலுக்குத் தீங்கும் செய்யும்.

தாய்மொழியில் கேட்கவேண்டும் என்று சொன்னதற்கும் காரணம் உண்டு. நம்மவர் பலருக்குத் தெலுங்கு வேலைமொழியே. தெலுங்கு மேஸ்திரியார் தெலுங்கில் கேட்டு, அவர் தடுமாறினால், மொழி தெரியாமல் தடுமாறுகிறார் என்று விட்டுவிடக்கூடும். தமிழர்க்குத் தமிழ்த் துணையும், ஒடியர்க்கு ஒடியத் துணையும் அமைப்பது இதற்காகவே. மறுபுறம், 108இல் பேசுவோர்க்கு இடத்தைத் தெலுங்கில் சொல்லத் தெரிந்திருக்க வேண்டும். தெருவின் பெயரையும் அருகிலுள்ள கோயில் அல்லது பள்ளியின் பெயரையும் தெலுங்கிலும் தமிழிலும் ஒரு பலகையில் எழுதி வாயிலில் மாட்டுதல் வேண்டும். பதற்றத்தில் வழி சொல்ல முடியாமல் கழியும் பத்து நிமிடம் ஓர் உயிரின் விலையாகலாம்.

இனி, இம்மூன்றையும் சேர்த்து ஒரு வாரத்தை நினைத்துப் பார்ப்போம். நாம் முன் சொன்ன கொத்தனார் இருபது நாள் ஊரில் இருந்துவிட்டு ஞாயிறு இரவு பேருந்தில் வருகின்றார். இரவெல்லாம் தூக்கமில்லை. திங்கட்கிழமை அவர் மாடியில் நிற்பது காலை நான்கு மணி நேரம். பத்தரைக்குமேல் கீழே கம்பி வேலை. செவ்வாயன்று ஏறத்தாழ ஐந்து மணி நேரம். புதனன்று ஆறரை மணி நேரம். வியாழனன்று முழு நாள். ஆயினும் நண்பகல் பன்னிரண்டு முதல் மூன்றுவரை எல்லாருமே நிழலில் இருத்தல் வேண்டும். அந்நேரத்தைக் காலையில் முன்னதாகத் தொடங்கி ஈடுசெய்யலாம். முதல் மூன்று நாளும் அவர் துணைவர் காலையிலும் பகலிலும் அவரிடம் இரண்டு சொல் பேசி, விடை சரியாக வருகிறதா என்று பார்க்கின்றார். முதலாளிக்கு ஆன இழப்பு, மூன்று நாளில் சில மணி நேர மாடி வேலை. அதற்கீடாகக் கீழ்த்தளத்து வேலையும் நடந்திருக்கின்றது.

வீட்டிலுள்ள நம் சகோதரியர்க்கும் இதிற் பங்குண்டு. ஊரிலிருந்து திரும்பும்போது ஒரு நாள் முன்னதாகவே புறப்படச் செய்யுங்கள். ஞாயிறு இரவு அவர் வீட்டில் உறங்கட்டும். காலையில் வெறும் தேநீரோடு அனுப்பாமல் கேழ்வரகு அம்பலியோ பழைய சோற்று நீரோ உப்பிட்டுக் கொடுத்தனுப்புங்கள். மாலையில் வந்தவுடன் அவர் சோர்ந்து உளறினாலோ, அன்று முழுவதும் சிறுநீர் போகவில்லை என்றாலோ, உறங்கினால் சரியாகும் என்று விட்டுவிடாதீர்கள். உளறினால் உடனே உடலில் நீர் ஊற்றிக் குளிரச் செய்துகொண்டே 108ஐ அழையுங்கள். சிறுநீர் போகவில்லை என்றால் அன்றிரவே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள்.

இப்பக்கத்தைக் கத்தரித்து மேஸ்திரியாரிடம் கொடுக்க விரும்புவோர் கொடுக்கலாம். தெலுங்கறிந்த அன்பர்கள் மூன்று பேச்சுகளையும் தெலுங்கில் எழுதித் தந்தால், அவற்றையும் படியெடுத்து வழங்க நம் சங்கம் ஏற்பாடு செய்யும். ஊரிலிருந்து திரும்பும் அன்பர்கள் முதல் நாள் காலையில் "நான் நேற்றுத்தான் வந்தேன்" என்னும் ஒரு சொல்லை மேஸ்திரியாரிடம் தயங்காமல் சொல்லுமாறு வேண்டுகின்றோம்.